மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?

பல் ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு ரிசப்ஷனில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். பெயர், வயது, போன் நம்பர், சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டிருக்கும். நிரப்புகிறவர் தமிழ் வரியைப் படித்து டிக் போடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து அதே தாளைக் கையில் வாங்கும் டாக்டரின் கண் ஆங்கில வரிக்குப் போகிறது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த டாக்டராக இருந்தாலும், ஆங்கிலவழியில் படித்தவருக்கு அவசரத்தில் கண்ணோட்ட ஆங்கிலம்தான் கைகொடுக்கும். நாற்காலியில் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது, ஊசி தயாராக இருக்கிறது. அரை நிமிடத்தில் பார்த்து முடித்தாக வேண்டும்.

இருமொழிப் படிவத்தின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. எழுதுகிறவர் ஒரு கேள்வியைப் படிக்கிறார். பதிலைப் பார்க்கிறவர் வேறொரு கேள்வியைப் படிக்கிறார். இரண்டும் ஒரே கேள்விதானா என்பதை அந்தத் தாளைத் தயாரித்தவரைத் தவிர வேறு யாரும் சரிபார்க்கப் போவதில்லை. பல கிளினிக்குகளில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்றால், ஆங்கிலப் படிவம் ஒன்றை எடுத்து, அகராதியை வைத்து வரிக்கு வரி தமிழாக்கி, அச்சகத்தில் கொடுத்துவிடுகிறார்கள். தமிழில் பிழை இருக்காது. ஆனாலும் தவறான பதில் வரும்.

எப்படி என்று பார்க்க, ஒரு நோயாளியை மனதில் வைத்துக்கொள்வோம். 67 வயது அம்மா. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும் என்று வந்திருக்கிறார். அவருக்குப் பல வருடமாகப் பிரஷர் இருக்கிறது, மாத்திரை போடுகிறார். இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து ஆஸ்பிரினும் நடக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை. எப்போதோ காய்ச்சலுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையால் உடம்பெல்லாம் தடித்துப்போனது ஒரு தடவை. பல் டாக்டருக்கு இந்த நான்கும் தெரிந்தாக வேண்டும். அந்த அம்மாவுக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். மறைக்கும் எண்ணமும் கிடையாது.

வழக்கமான படிவம் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கிறது. ‘மருத்துவ வரலாறு ஏதேனும் உண்டா?’ ‘தற்போது மருந்துகள் உட்கொள்கிறீர்களா?’ ‘ஒவ்வாமை உண்டா?’ ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆம், இல்லை. அவர் மூன்றுக்கும் ‘இல்லை’யில் டிக் போட்டுவிட்டுப் போவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

பிரஷரிலிருந்து தொடங்குவோம். இதை வாய்விட்டுக் கேட்டாலே பேச்சு எப்படிப் போகும் என்பது ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

“பிரஷர் இருக்காம்மா?”

“இல்லப்பா.”

“மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“இப்ப ஒண்ணும் சாப்பிடல. பிரஷர் மாத்திரை மட்டும் எப்பவும் போடுறதுதான்.”

அவர் கணக்கில் இதில் முரண் எதுவும் இல்லை. மாத்திரை போடுவதால் பிரஷர் சரியாக இருக்கிறது. போன வாரம் பார்த்தபோது நார்மல் என்றார்கள். ஆகவே பிரஷர் இல்லை. மாத்திரை சாப்பிடுவது என்றால் காய்ச்சல், வலி என்று புதிதாக வந்த ஒன்றுக்குச் சாப்பிடுவது. தினமும் காலையில் காபிக்கு முன்னால் போட்டுக்கொள்வது அந்தக் கணக்கில் சேராது. டாக்டருக்கோ, இன்றைக்கு நார்மலாக இருந்தாலும் அவர் பிரஷர் நோயாளிதான். பல்லைச் சுற்றி மரத்துப்போகப் போடும் ஊசியில் லிக்னோகைனோடு அட்ரினலினும் கலந்திருப்பது வழக்கம். எவ்வளவு போடலாம், போடுவதற்கு முன் பிரஷர் பார்க்க வேண்டுமா என்று அவர் யோசிப்பது இந்தப் பதிலை வைத்துத்தான்.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். ‘உங்களுக்கு இவற்றில் ஏதாவது இருப்பதாக எப்போதாவது டாக்டர் சொல்லியிருக்கிறாரா? இப்போது சரியாகிவிட்டாலும், மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருந்தாலும் டிக் செய்யவும்.’ அதன் கீழே நோய்களின் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் தனி வரியில்: பிரஷர், சர்க்கரை, இதய நோய் அல்லது ஸ்டென்ட், வீசிங், வலிப்பு, மஞ்சள் காமாலை. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு என்ற சொற்களையும் பக்கத்தில் சிறிதாகப் போடலாம். அவற்றைச் சொல்லிப் பழகியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது, அந்த ஊரில் மருந்துக்கடையில் நின்று கேட்கும்போது வாயில் வரும் சொல்தான். ஆங்கில வரியும் இதற்கேற்ப மாற வேண்டும். தமிழில் ‘எப்போதாவது சொல்லியிருக்கிறாரா’ என்று கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் ‘இப்போது இருக்கிறதா’ என்ற பொருளில் விட்டுவைத்தால், பத்து வருடம் முன்பு வந்து போன மஞ்சள் காமாலையை டாக்டர் இன்றைய காமாலையாக எடுத்துக்கொள்வார்.

அடுத்தது மாத்திரை. ‘தினமும் சாப்பிடும் மருந்துகள்’ என்று கேட்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். அந்த அம்மாவின் வாராந்திர மாத்திரை விட்டுப்போகும். எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலென்ட்ரோனேட் போன்றவை வாரத்தில் ஒரு நாள் வெறும் வயிற்றில் போடுவது. இதே குடும்பத்து மருந்தை வருடத்துக்கு ஒரு தடவை ஊசியாகவும் ஏற்றுவார்கள். பல் பிடுங்கிய பிறகு தாடை எலும்பு ஆறாமல் போகும் ஒரு சிக்கல் இந்த வகை மருந்துகளோடு தொடர்புடையது. எலும்புத் தேய்மானத்துக்கு எடுப்பவர்களிடம் அது அரிதுதான். புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசியாக ஏற்றிக்கொள்பவர்களுக்கு அபாயம் கூடுதல். எப்படியானாலும் பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் தெரிய வேண்டிய விஷயம் அது.

ஆஸ்பிரின் இன்னும் நுட்பமானது. ஸ்டென்ட் வைத்தவர்கள் அதை ‘ஹார்ட் மாத்திரை’ என்பார்கள். டாக்டர் தேடும் சொல்லோ ரத்தத்தை உறையவிடாத மருந்து. இந்த இரண்டையும் படிவம்தான் இணைக்க வேண்டும்: ‘ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட், பக்கவாதம் ஆகியவற்றுக்காக, ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை.’ இதற்குக் கீழே இன்னொரு வரி கட்டாயம் தேவை: ‘இதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.’ இந்தக் கேள்வியைப் பார்த்ததும், பல் பிடுங்க இடைஞ்சல் போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த தடவை வருவதற்கு இரண்டு நாள் முன்பே தானாக நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஆஸ்பிரின் போட்டால் ரத்தம் நிற்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். பஞ்சை அழுத்திக் கடித்தோ தையல் போட்டோ பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. வார்ஃபரின் வகை மாத்திரை என்றால் முதலில் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டியிருக்கும். படிவம் தகவல் கேட்பதோடு நிற்பதில்லை, படிக்கிறவரை ஏதாவது செய்யவும் வைக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட கேள்விகளோடு ஒட்டியே அறிவுரையும் இருக்க வேண்டும் என்கிறேன்.

மூலிகை, சித்தா, ஹோமியோபதி, நாட்டு மருந்து எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்டால்தான் எழுதுவார்கள். ‘மருந்து’ என்று பொதுவாகக் கேட்டால் இங்கிலீஷ் மருந்தை மட்டும் நினைப்பது நம் ஊர் வழக்கம். இதற்கெல்லாம் மேலாக ஒரு வழி இருக்கிறது: ‘மாத்திரை அட்டைகளைக் கையில் கொண்டுவந்திருந்தால் ரிசப்ஷனில் காட்டவும்’ என்று ஒரு வரி. மருந்தின் பெயரைத் தமிழ் எழுத்தில் நினைவிலிருந்து எழுதி, அதை வேறொருவர் ஆங்கிலத்தில் ஊகிப்பதைவிட அட்டையைப் பார்த்து எழுதுவது எவ்வளவோ நம்பகமானது.

ஒவ்வாமைக் கேள்விதான் நான் அதிக நேரம் உட்கார்ந்து பார்க்கும் கேள்வி. அந்தச் சொல் அந்த அம்மாவுக்குப் புரியாமல் போகலாம். ‘அலர்ஜி’ என்று போட்டால் புரியும், ஆனால் அகலமாகப் புரியும்: தூசி, கத்தரிக்காய், கருவாடு எல்லாம் உள்ளே வரும். ‘உடம்புக்குச் சேராத மருந்து’ என்றால் வயிற்றெரிச்சல் தந்த வலி மாத்திரையும் அதில் சேர்ந்துவிடும். டாக்டருக்குத் தேவையானது வேறு. பல் பிடுங்கிய பிறகு எழுதித்தரும் ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் அமாக்சிசிலின். அது பெனிசிலின் குடும்பம். பெனிசிலினால் ஒருமுறை உதடு வீங்கி மூச்சுத் திணறியவருக்கு அதை எழுதக் கூடாது. வயிற்றெரிச்சல் வந்தவர் விஷயம் அப்படியல்ல. அவருக்கு வேறு யோசனை சொல்லலாம்.

ஆகவே நோயின் பெயரைக் கேட்காமல் நடந்ததைக் கேட்க வேண்டும். ‘எந்த மாத்திரையாவது சாப்பிட்ட பிறகு, அல்லது ஊசி போட்ட பிறகு, உங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறதா?’ கீழே கட்டங்கள்: உடம்பில் தடிப்பு, அரிப்பு. முகம் அல்லது உதடு வீக்கம். மூச்சுத் திணறல். நினைவு தப்பி விழுந்தது. வயிற்றெரிச்சல், வாந்தி, பேதி. கடைசியாக, இப்படி எதுவும் ஆனதில்லை. வெறும் ‘மயக்கம்’ என்று போட்டால், சாப்பிடாமல் போய் ஊசி போட்டுக்கொண்டு தலை சுற்றியவரும் அதில்தான் டிக் போடுவார். வயிற்றெரிச்சலுக்குத் தனிக் கட்டம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு: தன் குறையைச் சொல்ல இடம் கிடைத்தவர், அதை அலர்ஜிக் கட்டத்தில் கொண்டுபோய்ப் போட மாட்டார். அடுத்து, ‘எந்த மருந்து?’ பெயர் ஞாபகம் இல்லாவிட்டால், ‘எதற்காகக் கொடுத்தார்கள்?’ நம் அம்மா ‘காய்ச்சலுக்கு’ என்று எழுதுவார். டாக்டர் அங்கிருந்து விசாரித்துக்கொள்ளலாம். முன்பு வெறும் ‘இல்லை’ இருந்த இடத்தில் இப்போது விசாரிக்க ஒரு நூல் கிடைத்திருக்கிறது.

எல்லா உடல்நலக் கேள்விகளுக்கும் மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும்: ‘தெரியாது’. அது இல்லாவிட்டால் தெரியாதவர் ஒன்று ‘இல்லை’ என்பார், அல்லது காலியாக விடுவார். காலி இடத்தைப் பார்க்கும் டாக்டர் அதை ‘இல்லை’ என்றே படித்துக்கொண்டு போவார், ஏனென்றால் பெரும்பாலும் அது அப்படித்தான் இருக்கும். கேள்வியை எதிர்மறையாக அமைப்பதும் தமிழில் அபாயம். ‘அலர்ஜி எதுவும் இல்லையே?’ என்றால் ‘ஆமாம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒரே பொருளில் வரும். ‘இருக்கிறதா’ என்று கேட்டு, கட்டத்தில் ‘உண்டு’, ‘இல்லை’, ‘தெரியாது’ என்று போட்டால் குழப்பம் வராது.

இனி தாளின் அமைப்பு. பக்கத்தை நடுவில் பிரித்து இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று போடுவது பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் கட்டங்கள் இருந்தால் சிலர் இரண்டிலும் டிக் போடுவார்கள், சிலர் ஒன்றில் ‘உண்டு’ என்றும் மற்றதில் ‘இல்லை’ என்றும் போடுவார்கள். தமிழ் வரி ஆங்கிலத்தைவிட நீளம் என்பதால் பாதிப் பக்கத்துக்குள் அது நெருங்கி மடங்கும். தமிழை மேலே பெரிதாகவும், அதே கேள்வியின் ஆங்கிலத்தைக் கீழே சிறிதாகவும் வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே கட்டம் கொடுப்பதே நல்லது. ஒரு டிக், இரண்டு வாசிப்பு. தமிழ் 12 புள்ளிக்குக் குறையக் கூடாது. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வரும் பெரியவர்களை நினைத்தால் 14 கூட நியாயம்தான். ஆங்கிலத்துக்கு 9 போதும், ஆனால் அதை வெளிர் சாம்பல் நிறத்தில் போடாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்தால் மறைந்துவிடும். கட்டம் அதன் பதிலுக்கு ஒட்டியே, இடப்பக்கம் இருக்கட்டும். ‘உண்டு’, ‘இல்லை’ இரண்டுக்கும் நட்டநடுவில் ஒரு கட்டம் நின்றால் அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

ஆங்கிலப் படிவங்களில் வாக்கியத்துக்கு நடுவே கோடு விட்டு நிரப்பச் சொல்வது உண்டு. இன்ன வருடம் இன்ன ஆபரேஷன் செய்துகொண்டேன் என்பது போல. தமிழில் வினை கடைசியில் வருவதால் காலியிடங்களின் வரிசை மாறிவிடும். இரண்டு மொழிக்கும் ஒரே கோடு பொருந்தாது. வாக்கியத்தை விட்டுவிட்டு, ‘ஆபரேஷன்’, ‘வருடம்’ என்று தலைப்பும் பக்கத்தில் கோடுமாகக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பெயரிலும் இதே கதை. முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற பிரிவு நம்மிடம் இல்லை. இனிஷியலுக்கு ஓர் இடம், பெயருக்கு ஓர் இடம், அப்பா அல்லது கணவர் பெயருக்கு ஓர் இடம். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்ணுக்கு ஒரே கிளினிக்கில் இரண்டு ஃபைல் உருவாகி, அலர்ஜி பழைய ஃபைலிலேயே தங்கிவிடும். ‘இதற்கு முன் வேறு பெயரிலோ வேறு இனிஷியலிலோ இங்கு வந்திருக்கிறீர்களா?’ என்று ஒரு வரி இருந்தால் அது தப்பும். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று சிறுசிறு பெட்டிகள் போடுவது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குத்தான் சரிப்படும். ‘கொ’வை எத்தனை பெட்டியில் எழுதுவது? தமிழுக்கு நீளமான கோடும், மேலும் கீழும் இடமும் கொடுங்கள். ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலை ரிசப்ஷனில் இருப்பவர் நிரப்பட்டும். பிறந்த தேதி தெரியாதவர்கள் வயதை மட்டும் எழுதுவார்கள். அன்றைய தேதி தாளில் இருந்தால் அது போதும்.

காத்திருப்பு அறையில் கேட்கக் கூடாத கேள்விகளும் சில உண்டு. பெரும்பாலும் மகனோ மருமகளோ பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புகிறார்கள். புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம், மாமியார் பக்கத்தில் இருக்கும்போது, நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்ற கட்டத்தை நீட்டினால் சரியான பதில் வராது. அதை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பு உள்ளே தனியாகக் கேட்பதுதான் முறை. படிவத்தில் அதற்குப் பதிலாக ‘டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்’ என்று ஒரு கட்டம் வைக்கலாம். யார் நிரப்பியது என்பதற்கும் கட்டம் வேண்டும்: நோயாளியே, உறவினர், ஊழியர். பதில்களை எவ்வளவு நம்பலாம் என்பதை அது டாக்டருக்குச் சொல்லும்.

விவரங்கள் கம்ப்யூட்டரில் ஏறும் என்றால் அதற்கான ஒப்புதல் வரியும் தமிழில் இருக்க வேண்டும். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. கேள்விகளை எல்லாம் தமிழில் கேட்டுவிட்டு, கையெழுத்து போடும் வரியை மட்டும் ஆங்கிலத்தில் விட்டுவைக்கும் படிவங்கள் இன்னும் புழங்குகின்றன. அது எனக்கு ஒப்பவில்லை. தவிர, படிவத்தின் அடியில் போடும் இந்தக் கையெழுத்து, பல்லைப் பிடுங்குவதற்கான சம்மதம் ஆகிவிடாது. அது தனித் தாள், தனிப் பேச்சு.

வரைவு தயாரானதும் இரண்டு சோதனை. ஆங்கிலப் பக்கத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதையும் மூல ஆங்கிலத்தையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். விலகிய இடங்கள் தெரியும். அதைவிட முக்கியமானது, வந்திருக்கும் நோயாளிகள் சிலரிடம் தாளைக் கொடுத்து, ‘இதுல என்ன கேட்டிருக்காங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று கேட்பது. ‘புரியுதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். நிரப்பி முடித்தவரிடம் அந்தக் கேள்விகளையே பேச்சுவாக்கில் இன்னொரு தடவை கேட்டு, தாளில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். எந்த வரியில் பதில் மாறுகிறதோ அந்த வரியைத் திருத்த வேண்டும்.

அச்சகத்திலும் ஒரு கண் வேண்டும். பல இடங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் தமிழ் வேலை நடக்கிறது. யூனிகோடில் கொடுத்ததை அதற்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். அங்கிருந்து திரும்ப யூனிகோடுக்கு வரும்போது ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் கால் போட்டுப் புள்ளி வைத்துவிடும்: ‘அலர்ஜி’ என்பது ‘அலா்ஜி’ ஆகும். தாளில் வித்தியாசமே தெரியாது. அதே படிவத்தை டேப்லெட்டில் ஏற்றி, அலர்ஜி உள்ளவர்களைத் தேடினால் ஒருவரும் வர மாட்டார்கள். இன்டிசைனில் வேலை செய்கிறவர்கள் `World-Ready Paragraph Composer` தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ‘கொ’ உடைந்து நிற்கும். கடைசி புரூஃபைத் தாளில் எடுத்து, தமிழ் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே அச்சுக்குப் போகட்டும்.

அடிமூலையில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரு வரியைத் திருத்தினால் தமிழையும் திருத்தாமல் அந்த எண் மாறக் கூடாது. தாளின் பின்பக்கத்தில் நான்கு நிரல் கொண்ட ஓர் அட்டவணை: தேதி, ‘போன தடவைக்குப் பிறகு புது நோய், புது மாத்திரை, ஆபரேஷன் உண்டா?’, விவரம், கையெழுத்து. நம் அம்மா ஆறு மாதம் கழித்துப் பல் கட்ட வரும்போது, ரிசப்ஷனில் இருப்பவர் முன்பக்கத்தை அவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, இந்த அட்டவணையில் ஒரு வரியை நிரப்பி வாங்கிக்கொள்வார்.